எட்டு என்றால் எண்பது அல்ல: காற்று விசை எண்ணை வேகமாக மாற்றும் முறை

கடல் அறிக்கையில் காற்றைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். நமது வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கையில் “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர்” என்று வேகமாகவே இருக்கும். கப்பல்களுக்கான சர்வதேச அறிக்கைகளிலும், பிற நாட்டுக் கரையோர வானொலியிலும், கப்பல்காரர்களின் பேச்சிலும் “விசை 6, பின்னர் 8” என்று ஒற்றை எண் வரும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் வட்டாரப் படகுகளைப் போன்றவற்றுக்கு இந்த இரண்டாவது வகைச் செய்திதான் சில நேரங்களில் முதலில் காதில் விழும். அந்த எண்ணைக் கிலோமீட்டராக மாற்றும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. விசை எண் என்பது ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேக எல்லை உண்டு, படிக்குப் படி அந்த எல்லையின் அகலமும் மாறும். எனவே எல்லாப் படிக்கும் ஒரே எண்ணால் பெருக்கிப் பார்க்காமல், அந்தப் படியின் மேல் எல்லையை எடுத்துக்கொண்டு முடிவெடுப்பதே சரியான வழி. இந்த முறை ஏன் சரி என்பதையும், இதை விட்டால் எங்கே தவறுகிறோம் என்பதையும் இனிப் பார்ப்போம்.

இந்த அளவுகோலை 1805-ல் வகுத்தவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட். அன்று காற்றின் வேகத்தை அளக்கும் கருவி கப்பலில் கிடையாது. ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்தபடி ஓட முடியும், எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருட்ட வேண்டும் என்பதை வைத்து அவர் 0 முதல் 12 வரை படி அமைத்தார். 12 என்பது எந்தப் பாயும் தாங்காத காற்று. ஆக, இந்த எண் பிறந்தபோது அதற்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. காற்று என்ன செய்கிறது என்பதை மட்டுமே அது சொன்னது. வேகத்தோடு அதை இணைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்: 1906-ல் ஜார்ஜ் சிம்ப்சன் ஒவ்வொரு படிக்கும் நிலத்தில் தெரியும் அடையாளங்களைச் சேர்த்தார், வேகத்துக்கான கணக்கும் அவரிடமிருந்து வந்தது. விளைவிலிருந்து வேகத்துக்குப் போன இந்த வரலாற்றால்தான் படிகள் ஒரே இடைவெளியில் அமையவில்லை. 3-லிருந்து 4-க்கு ஏறுவதும் 8-லிருந்து 9-க்கு ஏறுவதும் ஒரு படிதான், ஆனால் வேகக் கூடுதல் வெவ்வேறு.

மீனவருக்கு வேண்டிய படிகள் இவை. வேகங்கள் மணிக்குக் கிலோமீட்டரில்:

விசை 3: 12 முதல் 19
விசை 4: 20 முதல் 28
விசை 5: 29 முதல் 38
விசை 6: 39 முதல் 49
விசை 7: 50 முதல் 61
விசை 8: 62 முதல் 74
விசை 9: 75 முதல் 88
விசை 10: 89 முதல் 102
விசை 11: 103 முதல் 117
விசை 12: 118-ம் அதற்கு மேலும்

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஏனென்றால் இதில் பெரும்பகுதி நமக்கு ஏற்கனவே தெரியும். தொலைக்காட்சிச் செய்தியில் அடிபடும் பெயர்களை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தில் காற்று 31 முதல் 49 கிலோமீட்டர். அது ஏறக்குறைய விசை 5-ம் 6-ம். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் 50 முதல் 61, அதாவது விசை 7. புயல் 62 முதல் 88, அதாவது விசை 8-ம் 9-ம். தீவிர புயல் 89 முதல் 117, அதாவது விசை 10-ம் 11-ம். அதற்கு மேலே மிகத் தீவிர புயல், விசை 12. இந்த வகைப்பாட்டின் எல்லைகள் பியூஃபோர்ட் படிகளின் எல்லைகளோடு பொருந்தி நிற்கின்றன. எனவே “விசை 8” என்று கேட்டவுடன் “புயல் தொடங்கும் இடம், 62-க்கு மேல்” என்று நினைவுக்கு வந்தால் போதும். கணக்குப் போட நேரமில்லாத இடத்தில் இந்த ஒரு இணைப்பே கைகொடுக்கும்.

கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. விசை எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்ததை 3-ஆல் பெருக்கினால் அந்தப் படியின் நடுவேகம் கிடைக்கும். விசை 4-க்கு வர்க்கமூலம் 2, ஆக 4×2×3 = 24. விசை 9-க்கு வர்க்கமூலம் 3, ஆக 9×3×3 = 81. இரண்டும் பட்டியலின் நடுவில் சரியாக விழுகின்றன. விசை 6-க்கு 44-ம், விசை 8-க்கு 68-ம் வரும். ஆனால் இது நடுவேகம்தான். படகை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய மேல் எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

“இவ்வளவு எதற்கு, எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதாதா? கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் அது பாதுகாப்புதானே” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதாகத் தோன்றும், ஆனால் பட்டியலோடு ஒப்பிட்டால் உடைந்துவிடும். விசை 3-ஐப் பத்தால் பெருக்கினால் 30 வரும், உண்மையில் அது 19-க்கு மேல் போகாது. விசை 4-க்கு 40 வரும், உண்மையான மேல் எல்லை 28. இந்த மிகைப்படுத்தல் சிறிய காற்றில்தான் அதிகம். விசை 8-ல் 80 என்று வரும், மேல் எல்லை 74. விசை 10-ல் 100 என்று வரும், மேல் எல்லை 102. விசை 11-ல் 110, மேல் எல்லையோ 117. அதாவது தொழிலுக்குப் போகக்கூடிய நாளில் இந்தக் குறுக்குவழி வீணாகப் பயமுறுத்துகிறது; உயிருக்கு ஆபத்தான நாளில் அதன் கூடுதல் எல்லாம் கரைந்து, உண்மைக்குக் கீழேயே நிற்கிறது. நாலு முறை “40” என்று கணக்குப் போட்டுப் போய், கடல் சாதுவாக இருந்ததைக் கண்ட படகோட்டி ஐந்தாம் முறை எண்ணை நம்பமாட்டார். அந்த நம்பிக்கை போன பிறகு சரியான எண் வந்தாலும் பயனில்லை.

எண் ஏறும்போது வேகத்தைவிட வேகமாக ஏறுவது காற்றின் தள்ளுவிசை. படகின் பக்கத்திலும் வீல்ஹவுஸ் சுவரிலும் காற்று கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. இதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்தால், தள்ளுவிசை என்பது விசை எண்ணை மூன்று முறை பெருக்கியதற்கு ஏற்ப ஏறும். விசை 4-ல் 4×4×4 = 64. விசை 8-ல் 8×8×8 = 512. எண் இரண்டு மடங்கு ஆகும்போது தள்ளுவிசை எட்டு மடங்கு. திறந்த கடலில் விசை 4-ல் அலை ஏறக்குறைய ஒரு மீட்டர், அங்கங்கே வெள்ளை நுரை. விசை 6-ல் மூன்று மீட்டர் வரும், நுரைத் தலைகள் எங்கும் தெரியும். விசை 8-ல் ஐந்து மீட்டரைத் தாண்டும், நுரை காற்றின் திசையில் கோடு கோடாக இழுபடும். “ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டே எண்தானே வித்தியாசம்” என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்து, தமிழ்நாட்டுக் கரையில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும் எண் உண்டு, 1 முதல் 11 வரை. “மூன்றாம் எண் கூண்டு” என்று செய்தியில் கேட்கிறோம், அறிக்கையில் “விசை 3” என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே அளவுகோல் என்று எண்ணிவிட்டால் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும். கூண்டு எண் துறைமுகத்துக்கு எந்த வகை ஆபத்து என்பதைச் சொல்கிறது. 1-ம் 2-ம் ஆபத்து தொலைவில் இருக்கிறது என்பதற்கு. 3-ம் 4-ம் உள்ளூரிலேயே காற்று பாதிக்கலாம் என்பதற்கு. 5, 6, 7 மூன்றும் புயலுக்கானவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மேலேயே கடக்குமா என்பதைத்தான் அவை பிரித்துக் காட்டுகின்றன. 8, 9, 10 மூன்றும் அதே பிரிவினைதான், ஆனால் தீவிர புயலுக்கு. எனவே கூண்டு 6 என்றால் 5-ஐவிடக் காற்று கூடுதல் என்று பொருள் இல்லை. முதலாம் எண் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும்போதே தொலைவில் உள்ள தாழ்வு மண்டலத்தைச் சுற்றி விசை 6-ம் 7-ம் வீசிக்கொண்டிருக்கலாம். கூண்டு எண்ணை ஒருபோதும் கிலோமீட்டராக மாற்றக் கூடாது. அறிக்கையில் “விசை” என்ற சொல்லோ வேக அலகோ இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்ட பிறகே பட்டியலைத் தொட வேண்டும்.

இதைவிட ஆபத்தான தவறு நாட் கணக்கில் வரும் வேகத்தைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வது. படகில் உள்ள ஜிபிஎஸ் கருவி படகின் வேகத்தைப் பெரும்பாலும் நாட் கணக்கில்தான் காட்டும், அதனால் அந்த அலகு நமக்குப் புதிதல்ல. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கப்பல் அறிக்கையில் “35 நாட்” என்று வந்ததை 35 கிலோமீட்டர் என்று படித்தால் விசை 5 என்று முடிவெடுப்போம். உண்மையில் அது 65 கிலோமீட்டர், விசை 8. மூன்று படி கீழே இறங்கிவிட்டோம். அலகு தெரியாத எண் வந்தால் அதை நாட் என்றே வைத்துக்கொண்டு இரண்டால் பெருக்குங்கள். அது நாட் கணக்காகவே இருந்தால் விடை உண்மையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். இங்கே அந்தக் கூடுதல் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் நிற்பதால் நம்பலாம்.

விசை எண் சராசரிக் காற்றைச் சொல்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கடல்மட்டத்துக்குப் பத்து மீட்டர் உயரத்தில், சில நிமிடங்கள் தொடர்ந்து வீசும் காற்றின் சராசரி அது. வீச்சு எனப்படும் திடீர்க் காற்று அதற்கு மேலே போகும். நம் எச்சரிக்கையில் வரும் “இடையிடையே 65” என்பது இந்த வீச்சுதான். விசை எண்ணாக மட்டும் வரும் அறிக்கையில் வீச்சைத் தனியாகச் சொல்லாமல் விட்டிருந்தால், மேல் எல்லையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது. விசை 7-ன் மேல் எல்லை 61, அதோடு 20 சேர்த்தால் 81. படகு கவிழ்வது பெரும்பாலும் சராசரியில் நிகழ்வதில்லை, வீச்சும் அலையும் ஒரே நொடியில் சேரும்போதுதான் நிகழ்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்க ஓக்கிப் புயலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. நம் பட்டியலில் விசை 5 முதல் 6, மேல் எல்லை 49 கிலோமீட்டர். மறுநாள் 30-ம் தேதி காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரைக்கு மிக அருகில், அது புயலாகிவிட்டது. விசை 8, 62 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளில் விசை எண் ஏறியது இரண்டே படி. தள்ளுவிசையோ 216-லிருந்து 512-க்கு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. அதன் பிறகும் அது நிற்கவில்லை. தென்கிழக்கு அரபிக்கடலில் மிகத் தீவிர புயலாகி, விசை 12-ன் தொடக்க எல்லையான 118-ஐத் தாண்டி வெகுவாக மேலே போனது. இந்த இடத்தில் விசை எண்ணின் எல்லையும் தெரிகிறது. அறிக்கை எழுதப்பட்ட நேரத்தில், அல்லது அறிக்கை குறிப்பிடும் நேரத்துக்குள், காற்று எந்தப் படியில் இருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். தாழ்வு மண்டலம் தன் பாதையில் வலுப்பெறும் என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், இன்றைய எண்ணை விட்டுவிட்டு அடுத்த வகையின் எண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஓக்கி வந்தபோது பல படகுகள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரைக்குத் திரும்ப இரண்டு நாள் ஓட வேண்டிய படகுக்கு, ஒரே நாளில் இரண்டு படி ஏறும் காற்றைப் பார்த்த பிறகு முடிவெடுக்க நேரமில்லை.

அனுபவசாலிகள் ஒரு மறுப்பு சொல்வார்கள்: “வாடை எப்போது திரும்பும், கச்சான் எப்போது கடுக்கும் என்பது கடலைப் பார்த்தாலே தெரியும், எண் எதற்கு?” கண்ணால் படிப்பது உண்மையான அறிவு. பியூஃபோர்ட் அளவுகோலே அப்படிப்பட்ட கண்ணறிவைத்தான் எண்ணாக்கியது. ஆனால் நாம் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே கண் படிக்கும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரத்தில் அலையே எழாது. அலை வளரக் காற்று நீரின் மேல் ஓடும் தூரம் வேண்டும், அது வெளியே போகப் போகத்தான் கிடைக்கும். இதை மலைப்பக்கத்தில் வைத்தும் விளங்கிக்கொள்ளலாம். சிம்ப்சன் சேர்த்த நில அடையாளங்களின்படி, விசை 4-ல் சிறு கிளைகள் அசையும், விசை 5-ல் இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கும், விசை 7-ல் எதிர்க்காற்றில் நடப்பது கடினம். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணிச் சரிவில் ஏலத்தோட்டத்து நிழல்மரங்களை வைத்து இதைச் சோதித்தால், ஒரே நேரத்தில் தோட்டத்தின் உள்ளே விசை 2, சற்று மேலே திறந்த புல்மேட்டில் விசை 5 என்று தெரியலாம். மரமும் மலைமடிப்பும் ஓரிடத்தில் காற்றைத் தடுக்கின்றன, கணவாய் இன்னோரிடத்தில் அதை நெருக்கி வேகமாக்குகிறது.  நிற்கும் இடத்துக் காற்றை வைத்து அடுத்த மேட்டுக் காற்றைச் சொல்ல முடியாது. அதே மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஆரல்வாய்மொழியில் பிளக்கும்போது, அந்தக் கணவாய்க் காற்று காற்றாலைகளையே சுழற்றும் அளவுக்கு நெருக்கப்படுகிறது. அறிக்கையின் விசை எண் திறந்த கடலுக்கானது. கரையில் கண் சொல்வதோடு அது ஒத்துப்போகாவிட்டால் அதனாலேயே எண் தவறாகிவிடாது.

இன்னொரு மறுப்பு: “நம் எச்சரிக்கையே கிலோமீட்டரில் வருகிறதே, விசை எண்ணைக் கற்று என்ன பயன்?” பயன் எதிர்த்திசையில் இருக்கிறது. தமிழ் எச்சரிக்கையில் பலத்த வீச்சுக் காற்றையே “சூறாவளிக்காற்று” என்று எழுதுகிறார்கள். பருவகாலத்தில் அந்தச் சொல் நாள்தோறும் வருவதால் காது மரத்துப் போகிறது. சொல்லை விட்டு எண்ணுக்கு வாருங்கள். “45 முதல் 55, இடையிடையே 65” என்பதைப் பட்டியலில் வைத்தால் 45 விசை 6, 55 விசை 7, வீச்சான 65 விசை 8. இப்போது அந்தச் செய்தி மூன்று மீட்டர் முதல் நாலு மீட்டர் அலை, வீச்சில் புயல் தொடக்கத்துக் காற்று என்று கண்ணுக்குத் தெரிகிறது. “35 முதல் 45, இடையிடையே 55” என்றால் விசை 5 முதல் 6, வீச்சில் 7. சொல் இரண்டு நாளும் ஒன்றே, கடல் ஒன்றல்ல.

கடைசியாக, ஓர் அறிக்கை வரியை முழுவதுமாகப் படித்துப் பார்ப்போம். “தென்மேற்குக் காற்று, விசை 5 முதல் 6, நள்ளிரவுக்குப் பின் விசை 7” என்று கேட்கிறீர்கள். முதலில் இது கூண்டு எண் இல்லை, “விசை” என்ற சொல் இருக்கிறது. அடுத்து, எண்களில் பெரியதை எடுங்கள்: 7. அதன் மேல் எல்லை 61 கிலோமீட்டர், வீச்சைச் சேர்த்தால் ஏறக்குறைய 80. பிறகு நேரம்: நள்ளிரவு. இப்போது மாலை ஐந்து மணி, மீன்பிடிக்கும் இடம் ஐந்து மணி நேர ஓட்டம் என்றால், வலையை இறக்கி இரண்டு மணி நேரத்தில் இந்தக் காற்று வந்துவிடும். திரும்பும் ஐந்து மணி நேரமும் விசை 7-க்குள்தான். ஃபைபர் படகுக்கு விசை 5-ஏ கடினம், ஆகவே அதற்கு விடை உடனே கிடைத்துவிட்டது. பெரிய விசைப்படகுக்கும் கேள்வி “போகலாமா” என்பதாக இல்லை; “80 கிலோமீட்டர் வீச்சில் ஐந்து மணி நேரம் இருட்டில் திரும்ப முடியுமா” என்பதாக மாறிவிட்டது. மேலே உள்ள பத்து வரிப் பட்டியலைப் பெயின்டால் வீல்ஹவுஸ் சுவரில் எழுதி வையுங்கள். 62 என்ற எண்ணுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். வானொலியில் எந்த மொழியில் எந்த அலகில் எண் வந்தாலும், அது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பார்த்த பிறகு நங்கூரத்தைத் தூக்குங்கள்.